வேலை நடக்கிறது, ஆனால் மேனேஜருக்குத் தெரியவில்லை

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கொடுத்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறேன். போன வாரம் மேனேஜர், "நீ ரொம்ப அமைதியா இருக்க, உன் வேலை எந்த நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியறதே இல்ல" என்றார். தினமும் காலை மீட்டிங்கில் அப்டேட் சொல்கிறேனே, இன்னும் என்ன எதிர்பார்க்கிறார்? வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை.

பதில்:

உங்கள் வேலை மோசம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். நிறைய கம்பெனிகளில் முதல் ஆறு மாதம் புரொபேஷன் இருக்கும்; உங்களுக்கு எவ்வளவு என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் பாருங்கள். சில மேனேஜர்கள் ஐந்து மாதம் சிரித்துப் பேசிவிட்டு, கடைசியில் ரிவ்யூ படிவத்தில் எழுதிவிடுவார்கள். உங்களவர் இரண்டாம் மாதமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அது நல்லதுதான்.

எனக்கு ஊத்தங்கரை பக்கம். முதலில் ஓசூரில் ஒரு தொழிற்சாலை, அப்புறம் பெங்களூருவில் ஐ.டி., இப்போது ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து வரும் பிள்ளைகளிடம் வேலையில் குறை கண்டது அரிது. பலரும் தடுக்கி விழும் இடம் நீங்கள் கேட்டிருக்கும் இதுதான்: வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மேலே இருப்பவருக்கு எப்போது, எப்படிச் சொல்வது. கல்லூரியில் நடத்தும் பயிற்சிகளில் கைகுலுக்கச் சொல்லித் தருவார்கள், டை கட்டச் சொல்லித் தருவார்கள், 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இதைச் சொல்லித் தருவதில்லை. அப்பாவோ மாமாவோ ஆபீஸில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகிறது. நமக்கு விழுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீட்டில் பெரியவர் ஒரு வேலை சொன்னால் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்ச் செய்வோம். நடுவில் போய் "இது வரலை, அது கிடைக்கலை" என்றால் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். முடித்துவிட்டு நிற்பதுதான் மரியாதை. பள்ளியிலும் அப்படியே. கேட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்காதபோது வாயை மூடிக்கொண்டிருப்பவர் நல்ல பிள்ளை. இருபது வருடம் இதில் வளர்ந்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறோம். அங்கே நாம் சும்மா இருந்தால் மேனேஜர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. 'எல்லாம் சரியாகப் போகிறது' என்று எடுத்துக்கொள்கிறார். அந்த நம்பிக்கையில் தனக்கு மேலே இருப்பவரிடம் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார். அவரும் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. உங்கள் வேலை தாமதமாவதை அவர் சமாளித்துவிடுவார். தாமதம் என்பது கடைசி நாளில் தெரிய வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

என் டீமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்களும் டெஸ்டிங் என்பதால் எளிதில் புரியும்.

அரூர் பக்கத்துப் பையன், சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு பேமென்ட் பக்கத்துக்கு 40 டெஸ்ட் கேஸ் ஓட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை மாலைக்குள். திங்கள்கிழமை கொடுத்தபோது "ஓகே" என்றான். செவ்வாய் காலை ஆரம்பித்தபோதுதான் டெஸ்ட் சர்வரில் அவனுடைய லாகினுக்குப் பேமென்ட் பகுதியைத் திறக்க அனுமதி இல்லை என்று தெரிந்தது. அனுமதி கொடுப்பது வேறு டீம். அனுமதி கேட்டு விதிப்படி சிஸ்டத்தில் ஒரு டிக்கெட் போட்டான். சும்மாவும் உட்காரவில்லை, அனுமதி தேவைப்படாத 12 கேஸை ஓட்டி முடித்தான். புதன் காலை ஸ்டாண்ட்அப்பில், அதாவது தினசரி காலை மீட்டிங்கில், அவன் சொன்னது: "ஒர்க்கிங் ஆன் பேமென்ட் டெஸ்ட் கேசஸ்." வியாழன் காலையும் அதேதான். வெள்ளி மதியம் நான்கு மணிக்கு ரிப்போர்ட் எங்கே என்று அவனுக்கு வேலை கொடுத்த டீம் லீட் கேட்டபோது, "இன்னும் 28 இருக்கு, ஆக்சஸ் வரலை" என்றான். திங்கள்கிழமை ரிலீஸ். கிளையன்ட்டிடம் "வெள்ளியோடு டெஸ்டிங் முடியும்" என்று லீட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரண்டு பேர் வந்து உட்கார வேண்டியதாயிற்று.

பையன் பொய் சொல்லவில்லை. சோம்பேறியும் இல்லை. டிக்கெட்கூட முறையாகப் போட்டிருக்கிறான். ஆனாலும் லீடுக்குக் கோபம் வந்தது. அனுமதி கொடுக்கும் டீமில் யாரை அழைக்க வேண்டும் என்று லீடுக்குத் தெரியும். ஒரு போன் போட்டால் நடந்திருக்கும் காரியம். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தால் வேலை நின்றே இருக்காது. "உன்னால முடியலைன்னு எனக்கு வருத்தம் இல்ல, என்னை ஒண்ணும் செய்ய முடியாதபடி பண்ணிட்ட" என்றுதான் அவனிடம் சொன்னார். அவனுக்கு அது பாதிதான் புரிந்தது. "தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சேன் சார்" என்றான்.

இனி அதே வாரம் எப்படிப் போயிருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

திங்கள்கிழமை வேலை கையில் வந்ததும் வெறும் "ஓகே" போதாது. நாம் "ஓகே" என்றால் 'காதில் விழுந்தது' என்ற அளவில் சொல்கிறோம். கேட்பவரோ புரிந்தது, முடியும், சொன்ன நாளில் தருகிறேன் என்ற மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். அதனால் உங்களுக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "பேமென்ட் பக்கத்துக்கு 40 கேஸ், டெஸ்ட் சர்வரில் ஓட்ட வேண்டும், வெள்ளி மாலை ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், சரிதானே? ஒருமுறை பார்த்துவிட்டு ஏதாவது தடை இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்." இரண்டு வரிதான். ஆனால் இப்போது அந்தத் தேதி முழு வாக்குறுதியாக ஆகவில்லை. நீங்கள் இன்னும் உள்ளே பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்று மாலையே ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, லாகின் வேலை செய்கிறதா, தேவையான டேட்டா இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வேலையைத் தொடங்கக்கூட வேண்டாம். கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

அதிலும் கண்ணில் படாமல், செவ்வாய் காலைதான் அனுமதி இல்லை என்று தெரிகிறது என்று வையுங்கள். டிக்கெட் போட்டதோடு நிற்காமல் லீடுக்கு சாட்டில் எழுத வேண்டும்: "பேமென்ட் பகுதிக்கு எனக்கு ஆக்சஸ் இல்லை. டிக்கெட் போட்டிருக்கிறேன், எண் இது. ஆக்சஸ் இல்லாமல் 12 கேஸ் ஓட்டலாம், அதை இன்று செய்கிறேன். மீதி 28 இதற்காகக் காத்திருக்கிறது. நாளை மதியத்துக்குள் வந்தால் வெள்ளிக்கு முடித்துவிடலாம்." என்ன தடை, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு வேலை நிற்கிறது, எந்த நேரம் தாண்டினால் தேதி தள்ளும், இந்த நான்கும் இதில் இருக்கின்றன. மற்ற மூன்றையும் பலர் எழுதிவிடுவார்கள், கடைசியை விட்டுவிடுவார்கள். படிக்கும் லீடுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். அது இருந்தால் இதை இப்போதே கையில் எடுப்பதா, நாளை பார்ப்பதா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பலர் பேசாமல் இருப்பதற்கு மரியாதை பாதிக் காரணம் என்றால், ஆங்கிலம் மறு பாதி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, டெல்லிக்காரரும் ஹைதராபாத்காரரும் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் வாயைத் திறக்க நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் 'ஒர்க்கிங் ஆன் இட்' என்ற மூன்று சொல்லில் ஒளிந்துகொள்கிறோம். அதில் இலக்கணப் பிழை வர வழியே இல்லை பாருங்கள். மேலே சொன்ன செய்தியைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்று எழுதுங்கள். 'ஹேஸ்', 'ஹேவ்' தப்பாக வந்தால் யாரும் கணக்கில் வைப்பதில்லை. டிக்கெட் எண்ணும் தேதியும் தப்பாக இருந்தால்தான் வைப்பார்கள்.

புதன்கிழமை ஸ்டாண்ட்அப். நீங்கள் தினமும் அப்டேட் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. அந்தப் பதினைந்து நிமிடக் கூட்டம் நீங்கள் வேலை செய்கிறீர்களா என்று சோதிக்கும் வருகைப் பதிவேடு போலத் தோன்றும். அதனால் "நேற்று இதில் வேலை செய்தேன், இன்றும் இதில்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன முடியும், எது நிற்கிறது என்பதுதான் அங்கே வேண்டியது. மூன்றாவதைச் சொல்லத்தான் அந்தக் கூட்டமே வைக்கிறார்கள் என்பேன். "40-ல் 12 முடிந்தது. 28 ஆக்சஸுக்காக நிற்கிறது. இன்று மதியம் வரை பார்க்கிறேன், வரவில்லை என்றால் வெள்ளி என்பது திங்களாகும்." எண் இருந்தால் யாரும் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல வழி. கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு இந்த மூன்று வரியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்துப் படித்தாலும் தப்பில்லை.

வியாழன் காலை வரை ஆக்சஸ் வரவில்லை என்று வையுங்கள். இப்போது அந்த வேறு டீமுக்கு நினைவூட்ட வேண்டும். இங்கேதான் சிசி என்ற விவகாரம் வருகிறது. மெயிலில் டு என்ற இடத்தில் இருப்பவர் ஏதாவது செய்ய வேண்டியவர், சிசி-யில் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதும் என்பது பொது வழக்கம். இதற்கு மேல் எழுதாத ஒரு வழக்கமும் உண்டு. இன்னொரு டீம் ஆளுக்கு எழுதும் முதல் மெயிலிலேயே அவருடைய மேனேஜரை சிசி-யில் போட்டால், அது புகார் கொடுத்ததாகப் படிக்கப்படும். நீங்கள் 'தகவலுக்காக' என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். முதல் நினைவூட்டல் அவருக்கு மட்டும், முடிந்தால் சாட்டில் போகட்டும். பதில் இல்லை என்றால் இரண்டாவது மெயில், அதில் உங்கள் லீடை மட்டும் சிசி-யில் வையுங்கள். அதையும் "லீடைச் சேர்த்திருக்கிறேன், ரிலீஸ் தேதி அவர் பார்க்கிறார்" என்று காரணத்தோடு எழுதினால் யாருக்கும் உறுத்தாது. அந்தப் பக்கத்து மேனேஜரிடம் பேசுவது உங்கள் லீடின் வேலை. உங்களுடையது இல்லை.

இப்படிப் போயிருந்தால் ஒருவேளை வெள்ளிக்கிழமை வேலை முடிந்திருக்கும். முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் புதன்கிழமையே லீட் கிளையன்ட்டிடம் "ஒரு நாள் தள்ளலாம்" என்று சொல்லியிருப்பார். சனிக்கிழமை யாரும் வந்திருக்க வேண்டியதில்லை. பையன் மேல் குறையும் வந்திருக்காது.

அடுத்தது சந்தேகம் கேட்பது. "எப்போது கேட்கலாம், கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ" என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு சிக்கலில் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் வரை தானாக முட்டிப் பார்க்கலாம். அதற்குள் நகரவில்லை என்றால் கேட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கேட்டால் முயற்சியே செய்யவில்லை என்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், இரண்டு நாள் என்ன செய்தாய் என்பார்கள். சாட்டில் "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நாம் அதைப் பணிவு என்று நினைக்கிறோம்; பல பேருக்கு அது எரிச்சல். வணக்கத்தோடு கேள்வியையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள்: என்ன செய்துகொண்டிருந்தேன், என்னென்ன பார்த்தேன், எங்கே நிற்கிறேன். திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் காப்பி செய்து போடுங்கள், அவர் தேடிப் பார்க்க உதவும். பதில் கிடைத்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை சந்தேகம் கேட்டாலும் சீனியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரே சந்தேகத்தை மூன்றாம் முறை கேட்டால்தான் முகம் சுளிக்கும்.

யாரிடம் கேட்பது என்பதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. டீமில் ஒரு தமிழ் சீனியர் இருப்பார். சேலத்துக்காரரோ திருப்பத்தூர்க்காரரோ, வந்த முதல் வாரமே "அண்ணா" ஆகிவிடுவார். சந்தேகம் எல்லாம் அவரிடம் தமிழில் கேட்போம், அதில் தவறே இல்லை, கேளுங்கள். ஆனால் மெதுவாக லீடிடம் சொல்ல வேண்டியதையும் அவர் வழியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். பீஸ் கட்டப் பணம் வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்வாள் இல்லையா, அதே வழி. வீட்டில் அது பழுதில்லாமல் ஓடியது. ஆபீஸில் என்ன நடக்கும் என்றால், "பேமென்ட் டெஸ்டிங்கில் ஆக்சஸ் பிரச்சினை இருக்கு" என்று அண்ணா லீடிடம் சொல்வார். பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் அண்ணா என்று லீட் மனதில் பதியும். அண்ணா மறந்துவிட்டால் யாரும் சொல்லவில்லை என்று ஆகும். இரண்டிலும் உங்கள் பெயர் இல்லை. "உன் வேலை எந்த நிலைமையில இருக்குன்னு தெரியல" என்று உங்கள் மேனேஜர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், யோசித்துப் பாருங்கள். எப்படிச் சொல்வது என்று அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்வதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, குரூப் சாட்டில் தமிழ் வேண்டாம். தமிழ் தெரியாத ஒருவர் மட்டும் இருந்தாலும் அவருக்கு அது தன்னை விலக்கியது போல இருக்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் பழக்கம்தான். பெங்களூருவில் செக்யூரிட்டியிடமும் அட்மினிலும் இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசினால் காரியம் எவ்வளவு எளிதாக நடக்கிறது என்று பார்ப்பீர்கள்.

பெயர் சொல்லி அழைப்பது. ஐ.டி.யில் சார், மேடம் பெரும்பாலும் கிடையாது. ஐம்பது வயது டைரக்டரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அப்பா வயதுக்காரரை அப்படிக் கூப்பிட மனம் வரவில்லை என்றால் கட்டாயம் இல்லை. பெயரும் வேண்டாம் சாரும் வேண்டாம், நேராக விஷயத்தை ஆரம்பித்துவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' போட்டால்தான் கவனிப்பார்கள்.

ஓசூரில் சிப்காட் தொழிற்சாலைகளில் சேர்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர்கள் யாராவது அங்கே இருக்கலாம். அங்கே சார் சார்தான். டிரெய்னி இன்ஜினீயராக உள்ளே போகும் பையன், மெஷினில் இருபது வருடம் நின்ற ஆபரேட்டரைப் பெயர் சொல்லி அழைத்தால் அன்றோடு அவனுக்கு யாரும் எதுவும் கற்றுத்தர மாட்டார்கள். டிகிரி இருக்கிறதோ இல்லையோ, அவர் அண்ணன்தான். ஆனால் நிலையைச் சொல்லும் விதி அங்கே இன்னும் கறாரானது. ஷிப்ட் முடியும்போது லாக் புத்தகத்தில் எழுதாத கோளாறு, அடுத்த ஷிப்ட்காரர் தலையில் விடியும். ஏதோ வித்தியாசமான சத்தம் வந்தது, சரி போகட்டும் என்று எழுதாமல் வந்தால், ராத்திரி ஷிப்ட்டில் மெஷின் நின்றதும் முதலில் தேடுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

லீவு விஷயத்திலும் இதே நூல்தான் ஓடுகிறது. ஊரில் மாரியம்மன் திருவிழா, சொந்தத்தில் காதுகுத்து, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் என்று நமக்கு வருடம் முழுக்கக் காரணம் உண்டு. காரணம் யாருக்கும் பிரச்சினை இல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது முதல் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். மேனேஜருக்கு முந்தின நாள் மாலை மெசேஜ் போகும். அதுதான் பிரச்சினை. தெரிந்த லீவை இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், சிஸ்டத்திலும் போடுங்கள், அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பிளீஸ் கிராண்ட் மீ லீவ்" என்று பள்ளி விண்ணப்பம் போலக் கெஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் ஒரு சாவு என்றால் எதையும் யோசிக்காமல் கிளம்புங்கள், பஸ்ஸில் ஏறியதும் இரண்டு வரி அனுப்பினால் போதும். துக்க லீவு என்று தனியாக இருந்தாலும் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி என்று நெருங்கிய உறவுக்கு மட்டும் என்று பல கம்பெனி விதியில் இருக்கும்; பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் உங்கள் கேஷுவல் லீவில்தான் கழியும். நமக்கு அந்த வித்தியாசம் புரியாதுதான். என்ன செய்வது.

திங்கள்கிழமை காலையும் அப்படியே. ஞாயிறு இரவு வீட்டில் படுத்துவிட்டு விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் ஏராளம். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் இருந்து வண்டி நகராமல் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து மணி மீட்டிங்குக்கு 9.55-க்கு 'டிராஃபிக்' என்று மெசேஜ் போடுவதைவிட, எட்டு மணிக்கே "தாமதமாகலாம், மீட்டிங்கில் போனில் சேர்கிறேன்" என்று போடுங்கள். மாதத்தில் ஒரு திங்கள் இப்படி என்றால் பொறுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு திங்களும் என்றால் ஞாயிறு மாலையே கிளம்பிவிடுவது நல்லது.

இதையெல்லாம் செய்தும் பயனில்லாத மேனேஜர்கள் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பது? செவ்வாயன்று சொன்ன தடைக்கும் வெள்ளியன்று சொன்ன தடைக்கும் ஒரே அளவு கத்துகிறாரா என்று பாருங்கள். முன்கூட்டியே சொன்னால் கொஞ்சமாவது தணிகிறார் என்றால் சரியான ஆள், பழகிவிடும். எப்போது சொன்னாலும் அதே கத்தல், அதற்கப்புறம் "எனக்கு யாரும் சொல்லவே இல்லை" என்றும் மாற்றிப் பேசுகிறார் என்றால், வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே சாட்டிலோ மெயிலிலோ ஒரு வரி எழுதிவிடுங்கள்: "காலையில் பேசியபடி, ஆக்சஸுக்காக 28 கேஸ் நிற்கிறது." சண்டைத் தொனி வேண்டாம், வெறும் தகவல். நாளைக்கு ரிவ்யூவில் பேச்சு வந்தால் தேதியோடு உங்களிடம் இருக்கும். உங்கள் மேனேஜர் அந்த ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ரகம் இரண்டாம் மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்காது.

அவர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது என்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருந்தால் அதையும் அவர் கணக்கில் எடுப்பார், எனவே இந்த வாரமே பேசிவிடுங்கள். ஒன் ஆன் ஒன் மீட்டிங் ஏற்கெனவே இருந்தால் அதில், இல்லை என்றால் காலெண்டரில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். திங்கள் காலையும் வெள்ளி மாலையும் வேண்டாம். உள்ளே போய் "இனிமேல் நன்றாகப் பேசுகிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கும் பிடி கிடைக்காது. கடைசி இரண்டு வேலைகளின் பெயரைச் சொல்லி, "இவற்றில் எந்த இடத்தில் என்னிடம் இருந்து தகவல் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஓர் இடத்தைக் காட்டுவார். அப்புறம், தடை வந்தால் சாட்டில் எழுதட்டுமா, நேரில் வரட்டுமா, வேலை நடுவில் இருக்கும்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை நிலை சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். சிலருக்குத் தினம் மாலை இரண்டு வரி வேண்டும், சிலருக்குத் தடை வந்தால் மட்டும் போதும், கேட்காமல் தெரியாது. வெளியே வந்ததும் பேசி முடிவானதை மூன்று வரியில் அவருக்கே மெயில் போட்டுவிட்டு, அடுத்த நாள் ஸ்டாண்ட்அப்பில் இருந்து எண்ணோடு சொல்ல ஆரம்பித்துவிடுங்கள்.